ஆண்டு விழாவுக்குப் பொறுப்பு அட்டவணை: 21 வேலையில் 19-க்கு ஹெச்.எம். ஒப்புதல் என்று வருகிறது, சரியா?

கரும்பலகை

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. 640 மாணவர்கள், 23 ஆசிரியர்கள். இந்த வருடம் ஆண்டு விழா ஒருங்கிணைப்பு என்னிடம் வந்திருக்கிறது.

போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும். மாலை 5.30-க்கு விழா தொடங்கியது. 6.15-க்குக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து ஒலிபெருக்கி அனுமதிக் கடிதத்தைக் கேட்டார். மேடைக் குழு, அது அலுவலக வேலை என்று நினைத்திருந்தது. அலுவலகமோ மைக் செட்காரரே வாங்கிவிடுவார் என்று இருந்துவிட்டது. மைக் செட்காரருக்கு அப்படி ஒரு கடிதம் வேண்டும் என்பதே தெரியாது. நாற்பது நிமிடம் விழா நின்றது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கும்மிக்குப் பாவாடை தாவணி கட்டி மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்றபடியே காத்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு மயக்கம் வந்துவிட்டது. அந்தக் காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை.

எங்களிடம் குழுக்கள் இல்லாமல் இல்லை. மேடைக் குழு, வரவேற்புக் குழு, பரிசுக் குழு, உணவுக் குழு என்று ஒவ்வொன்றிலும் ஐந்து பெயர். ஐந்து பெயர் இருப்பதால்தான் ஒருவரும் பொறுப்பு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இந்தத் தடவை ரேஸி சார்ட் மாதிரி ஒன்று போட்டிருக்கிறேன். வரிசையில் வேலைகள், மேலே ஆட்கள். செய்பவருக்கு "செ", ஒப்புதல் தருபவருக்கு "ஒ", முடிவுக்கு முன் யோசனை கேட்க வேண்டியவருக்கு "கே", முடிவான பிறகு தெரிவிக்க வேண்டியவருக்கு "தெ".

21 வேலை வந்தது. போட்டு முடித்துப் பார்த்தால் 19 வேலைக்கு "ஒ" ஹெச்.எம். பெயரில் இருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் வேறு யாரைப் போடுவது என்றும் தெரியவில்லை.

ப்ராஜெக்ட்_முருகு

டீச்சர், நான் ஐ.டி.யில் பன்னிரண்டு வருடமாக ப்ராஜெக்ட் பார்க்கிறேன். இந்த சார்ட்டில் மாற்றவே கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு வரிசையில் "ஒ" ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். "செ" எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் ஒருவராவது இருக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி உங்கள் சார்ட் சரியாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கு முழுப் பொறுப்பு ஹெச்.எம். நாளைக்கு ஒன்று நடந்தால் அவரைத்தான் கேட்பார்கள். எனவே 19 இருப்பதில் தவறில்லை. மீதி இரண்டையும் அவருக்கே கொடுத்துவிட்டால் இன்னும் தெளிவு.

மணியடிச்சாச்சு

தம்பி முருகு சொன்னதில் முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினோரு வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

துறைக்குப் பதில் சொல்வது ஒன்று. இந்த வேலை முடிந்தது, மேலே போகலாம் என்று சொல்வது வேறொன்று. முதலாவது எப்போதும் ஹெச்.எம். தலையில்தான். அதற்கு அட்டவணையே வேண்டாம், அவருடைய நியமன உத்தரவிலேயே இருக்கிறது. அட்டவணையில் "ஒ" குறிப்பது இரண்டாவதை. விழாவுக்கு முந்தைய வாரம் ஹெச்.எம். மேசையில் 19 ஒப்புதல் காத்திருந்தால் என்ன நடக்கும்? அவர் மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருப்பார். அல்லது செய்முறைத் தேர்வு வேலையில் இருப்பார். மாலை நாலே முக்காலுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் "சரி சரி, பண்ணுங்க" என்பார். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது, ஒன்றையும் பார்க்காமல் விட்ட கணக்குதான்.

"ஒ" யாருக்கு என்று கண்டுபிடிக்க நான் வைத்திருந்த கேள்வி இதுதான்: இந்த வேலையில் சரி, தவறு என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர் யார்? வேறு யாரையும் கேட்காமல் "நிறுத்து" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அவர்தான் "ஒ". அவர் போய் இன்னொருவரைக் கேட்டுத்தான் சொல்வார் என்றால் அந்த இன்னொருவரே "ஒ", இவர் வெறும் தபால்காரர்.

டீச்சர், அழைப்பிதழ் வேலையை அட்டவணையில் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று அப்படியே போடுங்கள், பார்ப்போம்.

கரும்பலகை

"அழைப்பிதழ்" என்று ஒரே வரிசைதான் ஐயா. தமிழாசிரியை செ, எழுத்தர் செ, ஹெச்.எம். ஒ, பி.டி.ஏ. தலைவர் கே, நான் தெ.

போன வருடம் அதிலும் பிழை வந்தது. சிறப்பு விருந்தினரின் பட்டத்தைத் தப்பாக அடித்துவிட்டு 600 பிரதி மறுபடி அச்சடித்தோம். ப்ரூஃபை வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டார்கள். மூன்று பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள், அதில் நானும் ஒருத்தி. போன் திரையில் அது விரல் நீளத்துக்குத் தெரிந்தது. நான் பெரிதாக்கிப் படிக்கவே இல்லை. மற்ற இரண்டு பேரும் படிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மணியடிச்சாச்சு

உங்கள் சிக்கல் இந்த ஒரு வரிசையிலேயே முழுதாக இருக்கிறது. "அழைப்பிதழ்" என்பது பொருளின் பெயர், வேலையின் பெயர் அல்ல. அதற்குள் குறைந்தது நாலு வேலை ஒளிந்திருக்கிறது, நாலுக்கும் ஒப்புதல் தர வேண்டியவர் ஒரே ஆள் அல்ல. வரிசைத் தலைப்பை "இது முடிந்தது" என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய மாதிரி எழுதுங்கள். நான் போட்டால் இப்படி இருக்கும்:

| வேலை | ஹெச்.எம். | தமிழாசிரியை | எழுத்தர் | பி.டி.ஏ. தலைவர் | ஒருங்கிணைப்பாளர் |
|---|---|---|---|---|---|
| யார் யார் பெயர், எந்த வரிசையில் என்று வாசகம் முடிவாதல் | ஒ | செ | | கே | கே |
| ப்ரூஃபைத் தாளில் படித்து "அச்சிடலாம்" என்று கையெழுத்தாதல் | தெ | ஒ | செ | | தெ |
| 650 பிரதி பள்ளிக்கு வந்து எண்ணிச் சரிபார்த்தல் | | | செ | | ஒ |
| விருந்தினரை நேரில் போய் அழைத்தல் | செ, ஒ | | தெ | செ | தெ |

இரண்டாவது வரிசையைப் பாருங்கள். எழுத்தர் ஒவ்வொரு பெயரையும் பட்டத்தையும் விருந்தினர் கொடுத்த கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், அது அவர் வேலை. தமிழாசிரியை படித்துக் கையெழுத்துப் போடாமல் அச்சகம் அச்சிடாது. ஹெச்.எம். அங்கே வெறும் "தெ". ஒற்றுப்பிழை பார்க்க ஹெச்.எம். எதற்கு? ஆனால் முதல் வரிசையில் அவர் "ஒ"வாக இருந்தே ஆக வேண்டும். யார் பெயர் முதலில், யாருக்கு "முன்னிலை", யாருக்கு "வாழ்த்துரை" என்பதில் தவறு நேர்ந்தால் அதன் மனவருத்தம் வருடக்கணக்கில் நிற்கும். அதைத் தமிழாசிரியை தலையில் கட்டக் கூடாது.

நாலாவதில் ஒரே ஆளுக்கு இரண்டு எழுத்து வந்திருக்கிறது. சின்ன வேலையில் அது வரலாம், தப்பில்லை.

சந்தனமுல்லை

எங்கள் பள்ளியில் போன மாதம்தான் விழா முடிந்தது, அந்த அட்டவணையைத் தருகிறேன், பயன்படுத்திக்கொள்ளுங்கள். 5.00 தமிழ்த்தாய் வாழ்த்து, 5.05 வரவேற்புரை, 5.15 ஆண்டறிக்கை, 5.30 விருந்தினர் உரை, 5.50 பரிசளிப்பு, 6.30 முதல் கலை நிகழ்ச்சிகள், 8.00 நன்றியுரை, நாட்டுப்பண். பரிசளிப்புக்கு 40 நிமிடம் போதாது, நீங்கள் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை

நன்றி டீச்சர். இது நிகழ்ச்சி நிரல். நான் கேட்டது அதற்கு முந்தையது, எந்த வேலைக்கு யார் என்பது. ஆனாலும் பரிசளிப்பு நேரத்தைக் குறித்துக்கொண்டேன், எங்களுக்கும் அங்கேதான் இழுத்துக்கொண்டு போனது.

மணியடிச்சாச்சு

சந்தனமுல்லை டீச்சர் தெரியாமலே ஒரு நல்ல இடத்தைத் தொட்டுவிட்டார். இந்த நாலெழுத்து அட்டவணை விழாவுக்கு முதல் நாள் வரைக்கும்தான் உதவும். அன்று மாலை 5 மணிக்கு மேல் யாரும் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அப்போது மேடை ஓரத்தில் ஒரே ஒருவர் நிரலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எதை வெட்டுவது, எதை முன்னால் கொண்டுவருவது என்று அவர் சொல்வதே முடிவு. அந்த ஆளை அட்டவணையிலேயே ஒரு வரிசை போட்டு முன்கூட்டி முடிவுபண்ணுங்கள்.

பனங்கூடல்

நான் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன். எங்களுக்கு ஆண்டு விழாவைவிட இல்ல மெய்வல்லுநர் போட்டிதான் பெரிய நிகழ்ச்சி. நான்கு இல்லங்கள், அதிபர், விளையாட்டுப் பொறுப்பாசிரியர், பாடசாலை அபிவிருத்திக் குழு, பழைய மாணவர் சங்கம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் கிளைகளும் சேரும்.

எங்களுக்குச் சறுக்கியது "கே" என்ற எழுத்தில். ஒருவரையும் மனம் நோக விடக் கூடாது என்று எல்லாரையும் அதில் போட்டோம். வெற்றிக் கேடயத்தின் அமைப்புக்கு மட்டும் ஒன்பது பேரிடம் கருத்துக் கேட்க வேண்டி வந்தது. பாடசாலை இலச்சினை நடுவில் வர வேண்டும் என்றார் ஒருவர், அனுசரணையாளர் பெயர் பெரிதாக வர வேண்டும் என்றார் இன்னொருவர், வெளிநாட்டுக் கிளை ஒன்று பதிலே அனுப்பவில்லை. அந்தப் பதிலுக்காகப் பத்து நாள் காத்திருந்தோம். கடைசியில் போட்டி நாளன்று காலையில்தான் கேடயங்கள் வந்தன, பெயர் பொறிக்க நேரமில்லை. வென்ற பிள்ளைகள் வெறும் கேடயத்தை வாங்கிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் கவலைதான்.

அடுத்த வருடம் இரண்டு மாற்றம் செய்தோம். "கே" என்று போட்டால் பக்கத்தில் என்ன கேட்கிறோம் என்பதையும் எழுத வேண்டும். "கேடயம் பற்றிக் கருத்து" என்று அல்ல, "இலச்சினையின் இந்த வடிவம் சரியானதுதானா" என்று. அடுத்தது கடைசி நாள். வியாழன் மாலை 4 மணிக்குள் பதில் வராவிட்டால் உடன்பாடு என்று எடுத்துக்கொள்வோம் என்பதைக் கேட்கும்போதே சொல்லிவிடுவோம். ஒன்பது பேர் மூவராகக் குறைந்தார்கள். மற்ற ஆறு பேரையும் "தெ" ஆக்கினோம், முடிவானதும் அவர்களுக்குப் படத்தோடு செய்தி போய்விடும். ஒருவரும் கோபிக்கவில்லை. தங்களுக்கு ஒன்றும் தெரியாமல் நடக்கிறது என்பதுதான் அவர்களுக்கு மனக்குறையாக இருந்திருக்கிறது. முடிவு தங்கள் கையில் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

ப்ராஜெக்ட்_முருகு

பனங்கூடல், பதில் வராவிட்டால் உடன்பாடு என்பது மிக நல்ல வழி, நாங்களும் செய்வோம். ஆனால் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அதைச் செய்யாதீர்கள். மேடையின் மின் இணைப்பைப் பற்றி எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை, அதனால் சரி என்று போக முடியாது.

மணியடிச்சாச்சு ஐயாவுக்கு: ஹெச்.எம். விஷயத்தில் நீங்கள் சொன்னதை யோசித்தேன். எங்கள் வேலையிலும் டைரக்டர் பெயரை எல்லா வரிசையிலும் போட மாட்டோம். பள்ளி என்றதும் வேறு மாதிரி நினைத்துவிட்டேன்.

வரவு_செலவு

நான் ஆசிரியர் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர், என் பையன் எட்டாவது படிக்கிறான். ஒரு வரிசைக்கு ஒரே "ஒ" என்கிறீர்கள். பணத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? எங்கள் கணக்கில் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். இருவரில் யார் மறுத்தாலும் பணம் வராது. அப்படியென்றால் இருவருமே ஒப்புதல் தருபவர்கள்தானே? ஒருவரை மட்டும் "ஒ" என்று எழுதினால் மற்றவர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆகிவிடாதா? நான் அதை ஏற்க முடியாது. பெற்றோர் கொடுத்த பணம்.

மணியடிச்சாச்சு

நியாயமான கேள்வி. நான் அதை இரண்டு வரிசையாகப் பிரிப்பேன். "பந்தலுக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கி, யாருக்குக் கொடுப்பது என்று முடிவாதல்" ஒரு வேலை, அதற்கு "ஒ" ஒருவர். "பில்லையும் வந்த பொருளையும் சரிபார்த்துப் பணம் கொடுத்தல்" வேறொரு வேலை, அதற்கு "ஒ" பொருளாளர். இரண்டாவது கையெழுத்து இருப்பது முதல் கையெழுத்தைக் காவல் காக்க. நீங்கள் மறுக்கலாம். ஆனால் எதற்காக மறுக்கலாம் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பில் இல்லை, தொகை ஒத்துவரவில்லை, தீர்மானம் போடவில்லை என்பவை காரணம். பந்தல் நிறம் பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

வரவு_செலவு

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலைப்புள்ளி முடிவாகும் வரிசையில் எனக்கு ஓர் எழுத்தும் இல்லாமல், கடைசியில் பில் மட்டும் வந்தால் அங்கே நான் ஒன்றும் செய்ய முடியாது. பந்தல் ஏற்கெனவே போட்டிருப்பார்கள். முதல் வரிசையில் "கே" என்றாலும் கேட்டுவிட்டு விட்டுவிடலாம். தடுக்கும் உரிமையுள்ள "கே" என்று ஒன்று வேண்டும்.

ப்ராஜெக்ட்_முருகு

சில கம்பெனிகளில் அதற்கு ஐந்தாவது எழுத்து ஒன்று வைத்திருக்கிறார்கள், கையெழுத்திட்டு விடுவிப்பவர் என்ற பொருளில். ஆனால் எழுத்து கூடக் கூட ஆட்கள் அட்டவணையைப் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளிக்கு நாலு போதும் என்பேன்.

வரவு_செலவு

படிக்கிறார்களோ இல்லையோ, பணத்தில் எனக்கு அது வேண்டும். இதில் நான் மாற மாட்டேன்.

கரும்பலகை

பொருளாளர் சார் சொல்வது எங்களுக்கும் பொருந்தும். எங்கள் பள்ளியில் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த முடிவிலும் பொருளாளரை முன்கூட்டி கேட்டு, அவர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகே ஆர்டர் என்று ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். எழுத்தை மாற்றவில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம். எஸ்.எம்.சி.யை எங்கே வைப்பது? பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஒரு மாணவியின் அம்மா, ஆர்வமாக வருகிறார். எங்கள் தாளாளரோ நிர்வாகத்தின் சார்பில் தான்தான் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் என்கிறார்.

மணியடிச்சாச்சு

உங்களுடையது உதவி பெறும் பள்ளி என்று சொன்னீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழுவின் பணி ஆலோசனை சொல்வது மட்டும்தான். ஆக சட்டமே அவர்களுக்கு "கே" கொடுத்திருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் கதை வேறு, அங்கே அந்தக் குழுவுக்கு அதிகாரம் கூடுதல். ஆனால் ஆலோசனைதானே என்று அந்த அம்மாவை ஓரமாக வைத்துவிடாதீர்கள். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். விழா எத்தனை மணிக்கு முடிய வேண்டும், பெண் பிள்ளைகள் எப்படி வீடு போவார்கள் என்பதில் அவர்கள் சொல்வதற்கு மேல் நமக்கு என்ன தெரியும்? அந்த இரண்டு வரிசையில் அவர்களைக் கட்டாயம் கேளுங்கள். அட்டவணை முழுக்கக் "கே" போட வேண்டாம்.

தாளாளருக்குத் தேதி, சிறப்பு விருந்தினர், மொத்த பட்ஜெட் ஆகிய மூன்றிலும் "ஒ" கொடுங்கள். மற்றதில் "தெ". மூன்றும் பெரிய விஷயங்கள் என்பதால் மரியாதைக் குறைவாகத் தெரியாது.

சைக்கிள்_ஸ்டாண்ட்

பள்ளிக் கணினி ஆசிரியர். கூகுள் ஷீட்டில் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன உதவி. ஒவ்வொரு வரிசைக் கடைசியிலும் இதைப் போட்டால் "ஒ" எத்தனை என்று காட்டும்:

```
=COUNTIF(B2:F2,"*ஒ*")
```

ஒரே கட்டத்தில் "செ, ஒ" என்று இருந்தாலும் பிடித்துக்கொள்ளும், அதற்குத்தான் இரண்டு பக்கமும் நட்சத்திரம். விடை 1 இல்லாத வரிசைகளைச் சிவப்பாக்கிவிடுங்கள். நெடுக்காகப் பார்க்க, ஒருவர் தலையில் எத்தனை வேலை விழுந்திருக்கிறது என்பதற்கு இது:

```
=COUNTIF(B2:B22,"*செ*")
```

நான் அரை மணி நேரம் தவித்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும், கணக்கு 0 என்று வரும். யாரோ போனில் தட்டும்போது குறில் "ஒ"வுக்குப் பதில் நெடில் "ஓ" போட்டிருப்பார்கள். ஷீட்டுக்கு அது வேறு எழுத்து. தட்ட விடாமல் கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கரும்பலகை

இப்போதே போட்டுப் பார்த்தேன். வரிசை எல்லாம் 1 வருகிறது. ஆனால் நெடுக்கில் எங்கள் பி.டி. சாருக்கு "செ" 14 இருக்கிறது. மைதானம் அவருடையது, நாற்காலி அவர், மேடை அவர், மாணவர் ஒழுங்கு அவர், பரிசுப் பட்டியலும் அவர். குழுக்களாக இருந்தபோது இது கண்ணில் படவே இல்லை. அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அலுவலக உதவியாளர் நெடுக்கில் ஒன்றுமே இல்லை, வெறும் கட்டம். ஆனால் போன வருடம் இரவு 11 மணி வரை நாற்காலி அடுக்கியது அவர்தான்.

பனங்கூடல்

டீச்சர், அந்த வெறும் கட்டத்தைக் கவனியுங்கள். எங்கள் அட்டவணையிலும் முதல் வருடம் ஆசிரியர்களின் பெயர் மட்டும்தான் இருந்தது. காவலாளி, துப்புரவுப் பணியாளர், சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் யாரும் இல்லை. எந்த வாசல் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று காவலாளிக்கு யாரும் சொல்லவில்லை. முதலுதவி வாகனம் வந்து பின் வாசலில் நின்றது, பூட்டியிருந்தது. நல்ல காலம், அந்த நேரம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "தெ" என்ற எழுத்தைப் பெரிய மனிதர்களுக்கு மரியாதைக்குப் போடுவதாக நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் அனுபவத்தில், ஒரு முடிவு தெரியாமல் போனால் யாருடைய வேலை கெடும் என்று கேட்டுப் பார்த்தால் சரியான ஆட்கள் வந்துவிடுவார்கள்.

கரும்பலகை

அக்கா, நீங்கள் சொன்னதை வைத்து "விழா முடியும் நேரம்" என்ற வரிசையை இப்போது திரும்ப எழுதினேன். முன்பு அதில் "தெ" தாளாளரும் பி.டி.ஏ. தலைவரும்தான். ஆனால் நேரம் மாறினால் யாருக்குச் சிக்கல்? எங்கள் ஊரிலிருந்து மூன்று கிராமங்களுக்குக் கடைசி டவுன் பஸ் 8.10-க்கு. அதில் போகும் பிள்ளைகள் 70-க்கு மேல் இருக்கிறார்கள். அவர்களின் வகுப்பாசிரியர்கள், பெற்றோர், காவலாளி, மறுநாள் காலை வகுப்பறை கூட்ட வேண்டிய அக்கா, சத்துணவு அமைப்பாளர். இவ்வளவு பேருக்கும் "தெ" போட்டேன். எஸ்.எம்.சி. தலைவியைக் "கே" ஆக்கினேன். போன வருடம் நிகழ்ச்சி 8.50-க்கு முடிந்தது. அந்த 70 பேரும் எப்படிப் போனார்கள் என்று நான் விசாரித்ததே இல்லை. இன்றுதான் ஒரு பிள்ளையிடம் கேட்டேன். ஷேர் ஆட்டோக்களில் நெருக்கியடித்துப் போனார்களாம்.

மணியடிச்சாச்சு

இது ஒன்றுக்காகவே அந்த அட்டவணை போட்டது தகும், டீச்சர்.

ஒலிபெருக்கி வரிசையையும் இதே மாதிரி திரும்பப் பாருங்கள். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதும், திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பதும் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. வரிசைத் தலைப்பை "மைக் செட்" என்று போடாதீர்கள். "அனுமதிக் கடிதத்தின் நகல் மேடைப் பொறுப்பாளர் கையில் இருத்தல்" என்று போடுங்கள். எழுத்தர் விண்ணப்பம் கொண்டுபோவார், அவர் "செ". கடிதத்தைக் கண்ணால் பார்த்து "சரி" சொல்வது உதவித் தலைமையாசிரியர், அவர் "ஒ". ஹெச்.எம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவார்தான், ஆனால் அது வந்து சேர்ந்ததா என்று பின்தொடர்வது அவர் வேலை இல்லை. மைக் செட்காரருக்கு "தெ", கடிதத்தில் உள்ள நேரத்தோடு.

இன்னொன்று. நீங்கள் தனியாக வீட்டில் உட்கார்ந்து நிரப்பியதை ஊழியர் கூட்டத்தில் வாசித்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எழுத்துகள் இல்லாத வெறும் அட்டவணையை ஆளுக்கு ஒரு தாளாகக் கொடுங்கள். அவரவர் நினைப்பில் யாருக்கு எந்த எழுத்து என்று பத்து நிமிடத்தில் பென்சிலால் நிரப்பட்டும். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே மாதிரி போட்ட வரிசையைப் பேசவே வேண்டாம். மாறிய வரிசைகளை மட்டும் பேசுங்கள். ஒலிபெருக்கி மாதிரி ஒன்று ஒளிந்திருந்தால் அங்கே ஒருவர் இவரை எழுதியிருப்பார், இவர் அவரை எழுதியிருப்பார். விழாவுக்கு மூன்று வாரம் முன்னாலேயே அது வெளியே வந்துவிடும்.

கரும்பலகை

கூட்டம் முடிந்தது. ஐயா சொன்னபடியே தாள் கொடுத்தேன். 21 வரிசை பிரிந்து 26 ஆகியிருந்தது. 15 வரிசையில் எல்லோரும் ஒன்றுபோல் எழுதியிருந்தார்கள், 11-இல் மாறியிருந்தது. முதலுதவிப் பெட்டிக்கு மட்டும் ஐந்து பேர் ஐந்து பெயர் எழுதியிருந்தார்கள், அந்த ஐவரில் ஒருவருடைய தாளிலும் தன் பெயர் இல்லை. அதற்கு இப்போது அறிவியல் ஆசிரியை "செ", உதவித் தலைமையாசிரியர் "ஒ".

ஹெச்.எம்.-இன் "ஒ" 19-இலிருந்து 6-ஆகக் குறைந்தது. முதலில் கொஞ்சம் யோசித்தார். நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தை, அதாவது எந்தப் பாட்டு, என்ன உடை என்பதை, தான்தான் பார்ப்பேன் என்று ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அது அவரிடம் இருப்பதுதான் சரி என்று எனக்கும் பட்டது. பி.டி. சாரின் 14 வேலை 8 ஆனது. பரிசுப் பட்டியலைக் கணித ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு "ஒ"வுக்கும் பக்கத்தில் மாற்று ஆள் பெயர் ஒன்றும் எழுதியிருக்கிறோம், தேர்வுப் பணிக்கு யாரையாவது திடீரென்று எடுத்துவிட்டால் அவர்தான்.

ஒரே ஒரு வரிசை இன்னும் சிவப்பாக நிற்கிறது. மழை வந்தால் மைதானத்திலிருந்து அரங்குக்கு மாற்றுவதா, தள்ளிவைப்பதா என்பது. அரங்கில் 300 பேர்தான் உட்காரலாம். ஹெச்.எம். தாளாளரைக் கேட்க வேண்டும் என்கிறார். தாளாளர் வெளியூரில் இருக்கிறார். பந்தல்காரர் மதியம் 2 மணிக்குள் சொன்னால்தான் மாற்ற முடியும் என்கிறார்.

மணியடிச்சாச்சு

மழை அன்றைக்கு மதியம் ஒன்றரைக்கு மைதானத்தில் நிற்கப் போவது யார்? அவரிடம் கொடுங்கள்.

வரவு_செலவு

தள்ளிவைத்தால் பந்தலுக்கு இரண்டாம் நாள் வாடகை வரும். என்னைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

கரும்பலகை

மைதானத்தில் நிற்கப் போவது பி.டி. சார்தான் ஐயா. தாளாளர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை வருகிறார், ஹெச்.எம்.-ஓடு நானும் போய்ப் பேசுகிறேன். இரண்டாம் நாள் வாடகை எவ்வளவு என்று பந்தல்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டே போகிறேன்.